செக் திரும்பிவிட்டது, போலீஸில் புகார் கொடுக்கலாமா? அவசரம்

மழைத்துளி: கைமாற்றாக வாங்கிய பணத்துக்கு நண்பர் 2 லட்சத்துக்குச் செக் கொடுத்தார். வங்கியில் போட்டேன், திரும்பிவிட்டது. ஸ்டேஷனுக்குப் போகலாமா? உடனே சொல்லுங்கள்.

ஆணிவேர்: எந்தத் தேதியில் திரும்பியது? வங்கி தந்த மெமோவில் என்ன காரணம்? இதைச் சொல்லாமல் என்ன பதில் எதிர்பார்க்கிறீர்கள்?

பச்சைமை: கணக்கில் பணம் இல்லை என்று மெமோவில் இருந்தால்தான் கேஸ் நிற்கும். அவர் ஸ்டாப் பேமென்ட் கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

பழைய காசாளர்: அப்படி இல்லை தம்பி. பணத்தை நிறுத்தச் சொன்னாலும், கணக்கையே மூடினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு வரும். நியாயமான காரணத்தால்தான் நிறுத்தினேன் என்று செக் கொடுத்தவர் காட்ட வேண்டும்.

நெடும்பாதை: இதே கேள்வி வாராவாரம் வருகிறது, யாரும் தேடிப் பார்ப்பதில்லை. செக் திரும்பியது மட்டுமே குற்றம் ஆகாது. மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் அவர் தராவிட்டால்தான் வழக்குக்குக் காரணம் பிறக்கிறது. அடுத்த ஒரு மாதத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இதில் ஸ்டேஷனுக்கு வேலை இல்லை.

தாமரைக்குளம்: நான் போட்ட கேஸ் இன்னும் வாய்தாவில்தான் ஓடுகிறது. எதற்கும் பொறுமை வேண்டும்.

மழைத்துளி: செக் தேதி பிப்ரவரி 10. மெமோ மார்ச் 4, பணம் போதவில்லை என்று போட்டிருக்கிறது. இன்று 22. இடையில் 50,000 யுபிஐயில் அனுப்பினார், அது பிரச்சினை இல்லைதானே?

பழைய காசாளர்: எப்போது அனுப்பினார்? வங்கியில் போடும் முன்பா, பிறகா?

மழைத்துளி: முன்பு.

நெடும்பாதை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். செக்கைப் போட்ட அன்று அவர் தர வேண்டியது ஒன்றரை லட்சம், செக்கில் 2 லட்சம். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதே நிலையில் குற்றம் இல்லை என்றது. வந்த தொகையைச் செக்கிலேயே எழுதிவிட்டு மீதிக்குப் போட்டிருக்க வேண்டும்.

பச்சைமை: செக்கில் எழுதுவதா? கவுண்டரில் வாங்கவே மாட்டார்கள்.

நெடும்பாதை: சட்டத்தில் 56-வது பிரிவைப் படியுங்கள்.

பழைய காசாளர்: பிரிவு இருக்கிறது. ஆனால் இப்போது செக்கின் படம்தான் போகிறது. கிறுக்கல் இருந்தால் கிளை தயங்கும். ஒன்றரை லட்சத்துக்குப் புதுச் செக் வாங்குவது நல்லது. தர மறுத்தால் சிவில் வழக்கு போடலாம், அதற்குப் பொதுவாக 3 வருடம் அவகாசம்.

ஆணிவேர்: ஏப்ரல் 3-க்குள் நோட்டீஸாவது அனுப்பிவையுங்களேன்.

நெடும்பாதை: 2 லட்சம் கேட்டு அனுப்பினால் அதுவே அவருக்கு ஆதாரம்.

மழைத்துளி: பேசினேன். புதுச் செக் தருகிறாராம், பழையதைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பழைய காசாளர்: புதியது பணமாகும்வரை கொடுக்காதீர்கள்.

பச்சைமை: அவர் மட்டும் எதை நம்பிப் புதியதைத் தருவார்?