தட்டானிலிருந்து வானத்துக்கு: அந்தத் தாவல் உங்களை என்ன செய்தது?

பாம்பன்காரன்:
போன ஐப்பசியில் தங்கச்சிமடத்தில் நண்பர்கள் கூடியபோது நான் வாசித்த கவிதை இது.

வலைக்கயிற்றில் ஒரு தட்டான்
நாலு சிறகிலும் உப்பு
கால் மாற்றி உட்காருகிறது
தனுஷ்கோடிக்கு மேல்
வானம்

முதலில் மூன்றாவது வரிக்கு அப்புறம் படகு, அலை, தொடுவானம் என்று ஏறியிருந்தேன். மாடிப்படி மாதிரி இருந்தது, வானம் வரப்போகிறது என்று முன்னாடியே தெரிந்துவிட்டது, அதனால் மூன்றையும் அடித்துவிட்டேன். வாசித்து முடித்ததும் ஓர் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய தாயார் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை விட்டு வந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் உயரத்தை நினைத்து எழுதிய வானம் அவருக்கு வேறு வானம். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

தொண்டி வாசகன்:
மனிதன் எவ்வளவு சின்னவன் என்று காட்டத்தான் இந்த உத்தி. குறுந்தொகை மூன்றாம் பாட்டிலும் தேனீயில் ஆரம்பித்து வானத்துக்குப் போவார்கள்.

கீழக்கரை டீச்சர்:
பாட்டு சரி தம்பி, திசைதான் தலைகீழ். தலைவி நிலம், வானம், நீர் மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மலைச்சரிவில் கருங்கொம்புக் குறிஞ்சிப்பூவுக்கும் அதிலிருந்து சேரும் தேனுக்கும் இறங்குகிறாள். தேனீ என்ற சொல்லே அதில் கிடையாது, அது செய்யும் வேலை மட்டும் இருக்கிறது. அவள் அளக்கவும் செய்கிறாள்: நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது என்று. இந்தக் கவிதையில் ‘போல’வும் இல்லை, ‘விட’வும் இல்லை, ஆளும் இல்லை. அளந்து பார்க்க நடுவில் ஒருவர் இல்லாதபோது தட்டான் சின்னது என்கிற எண்ணமே கழன்றுவிடுகிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மண்டபம் கரை:
தட்டான் தாழப் பறந்தால் எங்கள் சித்தப்பா வானத்தைப் பார்த்துவிட்டு வலையைச் சுருட்டி வைத்துவிடுவார், மழை நிச்சயம் என்பார். இது உட்கார்ந்திருக்கிறதே, அப்படியென்றால் மழை உண்டா இல்லையா?

பாம்பன்காரன்:
அண்ணே, நான் மழைக்குறி சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது உறைக்கிறது. கடற்கரை ஆளுக்குத் தட்டானைப் பார்த்ததும் கண் தானாக வானத்துக்குப் போகிறது என்றால், இது தாவலே இல்லையோ? டீச்சர்?

கீழக்கரை டீச்சர்:
உங்கள் ஊர்க்காரருக்குத் தூரம் குறைவு, மதுரையில் உட்கார்ந்து படிப்பவருக்கு அதிகம். ‘தனுஷ்கோடிக்கு மேல்’ என்பதை எடுத்துவிட்டு ‘மணலுக்கு மேல்’ என்று வைத்து ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

தொண்டி வாசகன்:
திசையை ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் ஆள் இல்லை என்கிறீர்களே, வலைக்கயிற்றை யாரோ கட்டித்தானே வைத்திருக்கிறார்?

பாம்பன்காரன்:
வாசித்துப் பார்த்தேன் டீச்சர். ‘மணலுக்கு மேல்’ என்றதும் வானம் வெறும் நீலமாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா எழுந்து போயிருக்க மாட்டார். எதை வைப்பது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, தொண்டித் தம்பி கேட்ட கயிறும் இப்போது உறுத்துகிறது.