படி மின்னழுத்தமா, தப்படி மின்னழுத்தமா?

கலைவாணி, அணைக்கட்டு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சிக்கு ஓர் அறிவிப்புப் பலகை எழுதிக்கொண்டிருக்கிறேன். சூறைக்காற்றில் கரண்டு கம்பி அறுந்து விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் செய்தி. "கம்பியைத் தொடாதே" என்று எழுதுவதில் சிக்கல் இல்லை. கம்பியைத் தொடாமலே ஆள் சாவதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

கம்பி மண்ணில் கிடந்தால் அந்த இடத்திலிருந்து மின்சாரம் தரைக்குள் நாலாபக்கமும் பரவுகிறது. கம்பிக்குப் பக்கத்து மண்ணில் அழுத்தம் அதிகம், தள்ளிப் போகப்போகக் குறைவு. அந்த மண்ணில் நடக்கிறவனின் முன்கால் ஓர் அழுத்தத்திலும் பின்கால் வேறோர் அழுத்தத்திலும் நிற்கும். அந்த வேறுபாட்டில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடும். பொறியாளர்கள் இதை ஸ்டெப் பொட்டன்ஷியல் என்கிறார்கள். கையில் கிடைத்த ஒரு மொழிபெயர்ப்பில் "படி மின்னழுத்தம்" என்றிருந்தது. எனக்கு ஒட்டவில்லை. டீக்கடையில் நின்று படிக்கிறவருக்குப் புரியவேண்டும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

முருகேசன், வாலாஜா:

படியில் ஷாக் அடிப்பது எங்கள் வீட்டிலும் உண்டு அம்மா. மாடிப்படியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, சுவருக்குள் ஒயரின் தோல் போயிருக்கிறது என்றார். மாற்றியபிறகு சரியாகிவிட்டது.

கலைவாணி:

முருகேசன் ஐயா, நன்றி. "படி" ஏன் உதவாது என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கவேண்டியதை உங்கள் ஒரு மடல் காட்டிவிட்டது!

சம்பத், காட்பாடி:

பல வருடம் லைனிலும் சப்ஸ்டேஷனிலும் வேலை பார்த்தவன். எங்கள் ஆட்களுக்குள் இதற்குத் தனிப்பெயர் எதுவும் நான் கேட்டதில்லை. "மண்ணில கரண்டு இருக்கு, கிட்ட போகாதே" என்பதோடு சரி. ஆனால் சொல் எதைச் சுமக்கவேண்டும் என்று தெரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

11 கே.வி. கம்பி ஒன்று அறுந்து வயலில் கிடக்கிறது, 20 ஆம்பியர் மண்ணுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கரண்டு போனால் லைனைத் துண்டிக்கவேண்டிய எர்த் ஃபால்ட் ரிலே, அந்த ஃபீடரில் 40 ஆம்பியரில் தட்டும்படி வைக்கப்பட்டிருந்தால் அது அசையாது. கம்பி உயிரோடுதான் கிடக்கும். பொறி பறக்கவேண்டும், சத்தம் வரவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மண்ணின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், கம்பி தொடும் இடத்திலிருந்து 1 மீட்டரில் மண்ணின் அழுத்தம் ஏறத்தாழ 318 வோல்ட் வரும். அங்கிருந்து முக்கால் மீட்டர் தள்ளி 182 வோல்ட். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்றால் நடுவில் 136 வோல்ட். அதே ஆள் 5 மீட்டரில் நின்றால் கால்களுக்கு இடையில் 8 வோல்ட்தான்.

மனிதனுக்கு முக்கால் மீட்டர். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீட்டர், போதாததற்கு இதயம் அந்த வழியிலேயே இருக்கிறது. மாடு செத்துக் கிடக்கிறதே என்று பார்க்க ஓடுகிறவன்தான் அடுத்த ஆள். 136 வோல்ட்டில் கால் தசை இழுத்துக்கொண்டு அவனும் விழுவான். விழுந்தால் கையும் தரையில் படும், அப்புறம் அவனுக்கும் மாட்டின் கணக்குதான்.

ஆகவே ஆபத்து அழுத்தத்தில் மட்டும் இல்லை, கால் அகலத்திலும் இருக்கிறது. சொல்லில் அது வந்தாகவேண்டும்.

தினேஷ், ராணிப்பேட்டை:

"அடி மின்னழுத்தம்" என்று வைக்கலாமே. எடுத்துவைக்கும் அடி, கரண்டு அடிக்கும் அடி, இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

இன்னொன்று. மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் நிறைய பாயும், ரிலேவும் உடனே தட்டிவிடும். அப்படியானால் மழை விட்டபின் ஈர மண்ணில் ஆபத்து குறைவுதானே? வண்டிக்குள் இருப்பவருக்கும் கவலை இல்லை, ரப்பர் டயர் காப்பாற்றிவிடும்.

சம்பத்:

தம்பி தினேஷ், நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஈர மண்ணில் ரிலே தட்ட வாய்ப்பு அதிகம்தான். வறண்ட செம்மண்ணில் விழுந்த கம்பி தட்டாமல் மணிக்கணக்கில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தட்டிய லைன் செத்த லைன் ஆகிவிடாது. காற்று அடங்கியதும் சப்ஸ்டேஷனில் ஒருமுறை சார்ஜ் செய்து பார்ப்பார்கள். கம்பி எங்கே அறுந்தது என்று அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் தெரியாது. "இப்போதுதான் பார்த்தேன், கரண்டு இல்லை" என்று சொன்னவனின் காலுக்கடியில் உயிர் வந்துவிடும். தாழ்வழுத்தக் கம்பி என்றால் யாரோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து தலைகீழாக வருவதும் உண்டு.

டயர் சங்கதி தப்பு. டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, ரப்பரில் கரி இருக்கிறது, மேலே சேறும் தண்ணீரும். 11 கே.வி.க்கு அது ஒரு தடையே இல்லை. உள்ளே இருப்பவரைக் காப்பது வண்டியின் இரும்புக் கூடுதான். கூடும் இருக்கையும் ஸ்டீயரிங்கும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் உடம்புக்குக் குறுக்கே வேறுபாடு இல்லை. டூவீலருக்கு அந்தக் கூடு கிடையாது.

ஜபார், பேரணாம்பட்டு:

இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோடையில் ஒரு நாள் சாயங்காலம் குடியாத்தம் மண்டிக்கு மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு போனோம். மழையும் காற்றும் பேயாட்டம். புளியமரக் கிளை ஒன்று லைன் மேல் விழுந்து, கம்பி அறுந்து எங்கள் மினிலாரி கேபின் மேல் வந்து கிடந்தது. பக்கத்திலிருந்த பையன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டிவிட்டான். சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது, வெளியில் தெரியாத இருட்டில் இறங்கவேண்டாம் என்றுதான்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் டீக்கடைக்காரர் ஒருவர் குடையோடு வந்து, ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கக் கையை நீட்டினார். நல்ல மனுஷன். நான் கத்திய கத்தலில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். லைன்மேன் வந்து ஏபி ஸ்விட்சைத் திறந்து, கம்பியை எர்த் செய்த பிறகுதான் இறங்கச் சொன்னார். சம்பத் ஐயா, அந்த டீக்கடைக்காரர் தொட்டிருந்தால்?

சம்பத்:

அவர் கை வண்டியின் அழுத்தத்தில், கால் மண்ணின் அழுத்தத்தில் இருந்திருக்கும் பாய். போயிருப்பார். நீட்டிய காலைத் தரையில் ஊன்றியிருந்தால் உங்கள் பையனுக்கும் அதே கதிதான். இதற்குத் "தொடு மின்னழுத்தம்" என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது.

உட்கார்ந்திருந்ததுதான் சரி. ஒரே ஒரு விலக்கு: டயர் புகைந்தாலோ வண்டி தீப்பிடித்தாலோ இறங்கியே ஆகவேண்டும். அப்போதும் காலை ஊன்றி இறங்கக்கூடாது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் படும்படி வெளியே குதிக்கவேண்டும். வண்டியும் தரையும் ஒரே நேரத்தில் உடம்பில் படக்கூடாது.

வசந்தா, ஆரணி:

சொல்லுக்கு வருவோம். "அடி" எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அடி மின்னழுத்தம்" என்றால் அடியில் இருக்கும் அழுத்தம் என்று ஒருவர் எடுப்பார், ஓர் அடி நீளத்துக்கு இத்தனை வோல்ட் என்று இன்னொருவர் எடுப்பார். "கவடு" பழைய சொல், பொருளும் கச்சிதம். ஆனால் எங்கள் பக்கத்தில் கவட்டை என்றாலே பிள்ளைகள் சிரிக்கும், பள்ளிச் சுவரில் எழுத முடியாது.

என் தேர்வு "தப்படி". வரப்பை அளக்கும்போது "இருபது தப்படி" என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் உள்ள தூரம்தான் தப்படி. "தப்படி மின்னழுத்தம்" என்றால் சம்பத் ஐயா கேட்ட கால் அகலம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. "தப்பான அடி" என்று யாராவது பிரித்துப் படித்தாலும் நஷ்டமில்லை!

தினேஷ்:

தப்படி கிராமத்தில் சரி. என் வயதுக்காரர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? "காலிடை மின்னழுத்தம்" என்றால் யாருக்கும் விளக்கவேண்டாம்.

கலைவாணி:

இரண்டுமே "படி"யைவிட நல்லதுதான். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எங்கள் ஊரில் கம்பி விழுந்தால் பெரும்பாலும் குட்டையில்தான் விழும், சாலையோரம் முழுக்கத் தண்ணீர் தேங்கியிருக்கும். எத்தனை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வது?

சம்பத்:

10 மீட்டர் என்று எழுதுங்கள். ஆனால் கம்பியிலிருந்து அல்ல, தண்ணீரின் விளிம்பிலிருந்து. குட்டைக்குள் கம்பி எங்கே கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, குட்டையே கம்பி என்று நினைத்துக்கொள்ளவேண்டும். ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் கரையிலுமாக இறங்குகிற அந்தத் தப்படி மிக மோசமானது. கம்பிவேலியும் அப்படித்தான். அறுந்த கம்பி வேலியில் பட்டிருந்தால் அழுத்தம் வேலி போகும் தூரமெல்லாம் போகும்.

10 மீட்டர் கொஞ்சம் அதிகமோ என்று கேட்பார்கள். முன்பு நான் போட்ட கணக்கு ஆழமான மண்ணுக்கு. நம் பக்கத்தில் மண்வெட்டி இறங்கிய கொஞ்சத்தில் பாறை இடிக்கிற நிலம் நிறைய. மேலே ஒரு மீட்டர் ஈர மண், கீழே காய்ந்த பாறை என்றால் மின்சாரம் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடும். பாறை முழுசாகத் தடுக்கும் என்று வைத்துப் போட்டால், அதே 20 ஆம்பியருக்கு 5 மீட்டரில் 8 வோல்ட் வந்த இடத்தில் 44 வோல்ட் வருகிறது. 10 மீட்டரிலும் 23. பாறை அந்த அளவுக்குத் தடுக்காது, இது மேல் எல்லைதான். ஆனாலும் 5 மீட்டரில் நின்று வீடியோ எடுப்பவனுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

பலகையின் கீழே மின்னகம் எண் 94987 94987 போட மறக்காதீர்கள்.

கலைவாணி:

சரி, பலகையில் "கம்பியைத் தொடாவிட்டாலும் தப்படியில் கரண்டு பாயும்" என்று எழுதுகிறேன். கட்டுரை, பாடம் என்று வந்தால் தினேஷின் காலிடையையும் சேர்த்துப் போடலாம், வசந்தா அக்கா சண்டைக்கு வராவிட்டால்.

ஆனால் மாட்டிக்கொண்டவர் வெளியே வரும் நடைக்கு ஒரு சொல் வேண்டுமே? பாதத்தோடு பாதம் ஒட்டி, சின்னச் சின்னதாக நகர்ந்து வருவது. பிள்ளைகள் கோலிக்குண்டுக்குப் பாதத்தால் அளப்பார்களே, "பாதம் வைத்து வா" என்று எழுதலாமா?

சம்பத்:

வேண்டாம். அளக்கும் பிள்ளை காலைத் தூக்கித்தான் வைக்கும். இதில் தூக்கவே கூடாது, இரண்டு பாதமும் தரையை உரசிக்கொண்டே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே வரவேண்டும்.

வசந்தா:

"உரசுநடை"?

ஜபார்:

எங்கள் பக்கத்தில் அதைச் செருப்புத் தேய்ப்பது என்பார்கள். அப்படி நடந்தால் அம்மா அடிப்பாள்.