செக்கு எண்ணெய் என்று எழுதிய புட்டி 220 டிகிரி வரை புகையவே இல்லை

வாணலிக்காரன்
இரண்டு பிராண்ட் கடலை எண்ணெய், இரண்டிலும் முகப்பில் பெரிதாக 'மரச்செக்கு, கோல்ட் பிரஸ்டு' என்றுதான் இருக்கிறது. ஒரே வாணலியைக் கழுவித் துடைத்து, ஒரே அளவு ஊற்றி, அதே தீயில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன், டிஜிட்டல் தெர்மோமீட்டர் முனை எண்ணெய்க்குள் முழுகியபடி, அடியைத் தொடாமல். முதல் எண்ணெய் 165-ஐத் தாண்டியதும் மெல்லிய நீலப்புகை விட ஆரம்பித்தது, வறுத்த கடலை மணமும் எழுந்தது. இரண்டாவது 180, 200 எல்லாம் கடந்து 220 வரை சலனமே இல்லாமல் பளபளவென்று கிடந்தது. மணமும் இல்லை. அந்த அமைதிதான் இன்னும் உறுத்துகிறது. பின்பக்கத்தில் 'கடலை எண்ணெய்' என்ற ஒரே சொல்தான். இது எப்படிச் சாத்தியம்?

நீலத்தீ
புகையாதது நல்லதுதானே, அதற்கு ஏன் கவலை? என் வீட்டில் செக்கு எண்ணெயில் பொரித்தால் கண் எரிந்து ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது, அதனால் ரீஃபைண்ட் சூரியகாந்திக்கு மாறிவிட்டோம். ஸ்மோக் பாயிண்ட் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாதுகாப்பு. ஒரே குறை, ரீஃபைண்ட் என்றால் ஹெக்சேன் என்ற ரசாயனக் கரைப்பான் போட்டு எடுத்தது. எல்லாரும் முதலில் பொரிப்பதற்குத் தனியாக ஒரு எண்ணெய், தாளிக்கத் தனியாக ஒரு எண்ணெய் என்று வாங்கி வையுங்கள், கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வையுங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், மூடியைத் திறந்தபடி விடாதீர்கள்.

ஆய்வகத்து ஆள்
நீலத்தீ சொல்வதில் பாதி சரி. எடுப்பதும் சுத்திகரிப்பதும் இரண்டு தனி வேலைகள். எண்ணெயைப் பிழிந்து எடுக்கலாம், ஹெக்சேனில் கரைத்தும் எடுக்கலாம். அதற்குப் பிறகு காரம் சேர்த்து அமிலத்தை நீக்குவது, களிமண்ணில் நிறம் வெளுப்பது, வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி மணத்தை விரட்டுவது எல்லாம் ரீஃபைனிங். பிழிந்த எண்ணெயையும் அப்படிச் செய்யலாம். ஹெக்சேன் 69 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் அந்த நீராவிக்கட்டத்துக்குப் பிறகு அது பெரிய விஷயமாக இருக்காது.

வாணலிக்காரன் கேள்விக்கு வருகிறேன். புகையைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு, கொழுப்பிலிருந்து பிரிந்து எண்ணெயில் தனியாகக் கிடக்கும் கட்டற்ற கொழுப்பு அமிலங்களுக்குத்தான். அவை 1 சதவீதம் அளவில் இருந்தால் 160-ஐ ஒட்டிப் புகையும், 0.05 சதவீதத்துக்கு இறக்கினால் 220-ஐ ஒட்டிப் போகும். புதிய, நல்ல விதையைப் பிழிந்தால் 190 பக்கம் போகலாம், ஆனால் வெறும் பிழிந்த எண்ணெய் 220 வரை சும்மா இருப்பது எனக்கு நம்பும்படி இல்லை. துணியிலோ பில்டரிலோ வடிகட்டினால் வண்டல்தான் போகும், அமிலம் போகாது. 'டபுள் ஃபில்டர்' என்பதால் புகையும் வெப்பநிலை உயரவும் உயராது. ஆகவே முகப்பில் எழுதியது பிழிந்த விதத்தை மட்டும் சொல்லி, பிறகு நடந்ததை விட்டுவிட்டது என்று நினைக்கிறேன். கலப்பு என்றும் இருக்கலாம், வாணலியை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு சந்தேகம்: சமையலறையில் வெளிச்சம் எப்படி? ஆய்வகத்தில் இருண்ட பெட்டிக்குள் ஒளிக்கற்றை விட்டு, முதல் தொடர்ச்சியான நீலப்புகையைக் குறிப்போம். பகல் வெளிச்சத்தில் 10, 15 டிகிரி தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

நீலத்தீ
அப்போது நான் சொன்ன பாதுகாப்பு தவறா?

ஆய்வகத்து ஆள்
புகை வராததால் எண்ணெய் கெடவில்லை என்று ஆகாது. சாதாரண சூரியகாந்தியில் லினோலெயிக் அமிலம் அதிகம், புகைக்கு முன்பே காற்றோடு சேர்ந்து கெட ஆரம்பித்துவிடும். பொரித்த எண்ணெய் பிசுபிசுவென்று கெட்டியாவது அதனால்தான். 'ஹை ஓலியிக்' என்று எழுதிய, லினோலெயிக்குக்குப் பதில் ஓலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி இதில் நன்றாகத் தாங்கும், அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் உண்டு.

சாயங்காலம்
என் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பச்சையில் போட்டிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம். அது புகையோடு சம்பந்தப்பட்டதா? அம்மாவுக்கு இதயப் பிரச்சினை, அதனால் கேட்கிறேன். முன்பு 'லைட்' ஆலிவ் எண்ணெய் வாங்கியபோதும் கலோரி குறைவு என்றே நினைத்தோம்.

குறிப்பு நோட்டு
சம்பந்தம் இல்லைங்க. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பெயருக்குத்தான் இருக்கும், பக்கத்துப் புட்டியில் எழுதாவிட்டாலும் அதே கதைதான். 'லைட்' என்பது நிறமும் மணமும் குறைந்தது என்று மட்டும், ஒரு கிராமுக்கு 9 கலோரி எல்லா எண்ணெய்க்கும் ஒன்றே. அம்மாவுக்கு எது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

வாணலிக்காரன்
வெளிச்சம் பகல்தான், ஆனால் இரண்டுக்கும் அதே வெளிச்சம்தானே. தயாரிப்பாளருக்கு எழுதி, அமில அளவு எவ்வளவு, நீராவியில் மணம் நீக்கினீர்களா என்று நேராகக் கேட்டேன். '100% இயற்கையானது' என்று பதில் வந்தது, எண் வரவில்லை. மறுபடி அதே இரண்டு கேள்வியை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.