Clear cache பொத்தானை எப்படித் தமிழில் சொல்வது? கேமரா உறைதல் குறித்த உதவிக்குறிப்புக்காக

நடராசன் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். ஆண்டிராய்டு கைப்பேசியில் சேமிப்பிடம் நிரம்பிவிட்டால் கேமரா செயலி உறைந்து நிற்பதும் தானாக மூடிக்கொள்வதும் பற்றி ஓர் உதவிக்குறிப்பு எழுதி வருகிறேன். அமைப்புகளில் கேமரா செயலியின் சேமிப்புப் பக்கத்தைத் திறந்தால் Clear cache, Clear storage என்று இரண்டு பொத்தான்கள் அருகருகே நிற்கின்றன. முதலாவதைத் ‘தற்காலிகச் சேமிப்பை அழி’ என்றும் இரண்டாவதைச் ‘சேமிப்பகத்தை அழி’ என்றும் எழுதிப் பார்த்தேன். வரைவைப் படித்த நண்பர்கள் இரண்டையுமே தொட அஞ்சினார்கள். எடுத்த படங்கள் முதலில் தற்காலிகமாகச் சேமிக்கப்பட்டு அங்கேதான் இருக்கும் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். முதற்சொல்லுக்குப் பழைய கலைச்சொல்லான ‘பதுக்ககம்’ பொருந்துமா எனக் கேட்கிறேன்.

சிவபாலன் எழுதியது:

ஐயா, ‘பதுக்ககம்’ வேண்டாம். அரிசியையும் சர்க்கரையையும் பதுக்கியவர்கள் கைதான செய்தியைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் குற்றவாடையோடுதான் வருகிறது. மூலச்சொல் பிரெஞ்சில் ஒளித்துவைப்பதைக் குறித்தது என்பதற்காக நாமும் ஒளிக்க வேண்டியதில்லை. மேலும், இது விரைவுக்காக நினைவகத்தில் வைக்கப்படுவது. கைப்பேசியை அணைத்து இயக்கினாலே போய்விடும். ஆகவே ‘விரைவு நினைவகம்’ என்பதே சரி. என் கடைக்கு உறைந்த கேமராவோடு வருபவர்களுக்கு நான் முதலில் செய்வதும் மறுதொடக்கம்தான், பலருக்குச் சரியாகிவிடுகிறது.

மலர்விழி எழுதியது:

சிவபாலன் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறுதொடக்கம் செய்தால் கேமராவைப் பிடித்துவைத்திருக்கும் வேறொரு செயலி அதை விட்டுவிடும். தடுமாறிய கேமரா சேவையும் புதிதாகத் தொடங்கும். ஆனால் இந்தப் பொத்தான் காலி செய்வது நினைவகத்தை அன்று. சேமிப்பிடத்தில் ஒவ்வொரு செயலிக்கும் `cache` என்ற பெயரில் ஒரு கோப்புறை உண்டு. அங்கே இருப்பவை மறுதொடக்கத்திற்குப் பிறகும் அப்படியே இருக்கும். தொலைந்தாலும் செயலி மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய கோப்புகளை மட்டுமே அங்கே வைப்பது வழக்கம். இடம் மிகக் குறையும்போது ஆண்டிராய்டே அவற்றை நீக்கிவிடும் என்பதால், நிரந்தரமாக வேண்டியதை எந்த ஒழுங்கான செயலியும் அங்கே வைக்காது.

எடுத்த படங்கள் இருப்பது `DCIM/Camera` கோப்புறையில். இரண்டு பொத்தான்களில் எதை அழுத்தினாலும் அவை போகா. Clear storage அழுத்தினால் கட்டக்கோடுகள், படத்தில் இடக்குறிப்பு, வெளி அட்டையில் சேமிக்கும் தேர்வு முதலிய அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். சில கேமரா செயலிகள், எடுத்து முடித்தும் இன்னும் பதப்படுத்தி முடியாத படங்களைத் தம் சொந்த இடத்தில் வைத்திருக்கும். அந்த வேளையில் அழுத்தினால் அவை மட்டும் போய்விடக்கூடும். எனவே முதற்பொத்தானுக்கு ‘இடைவைப்பைக் காலி செய்’ என்றும், இரண்டாவதற்குச் ‘செயலியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவா’ என்றும் முன்மொழிகிறேன். ‘அழி’ என்ற வினையை இரண்டிலிருந்தும் எடுத்துவிடலாம்.

ஜெயந்தி எழுதியது:

வணக்கம். சொல்லைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. என் கைப்பேசிக்கு வழி கிடைக்கும் என்றுதான் இந்த மடல்களைப் படித்தேன். என்னுடையது 32 ஜிபி கைப்பேசி. கேமரா திறக்கிறது, காட்சியும் நகர்கிறது, பொத்தானை அழுத்தியதும் உறைந்துவிடுகிறது. சில படங்கள் கேலரியில் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கின்றன. Clear cache அழுத்தினேன். சற்று நேரம் சரியாக இருந்து மறுபடியும் அதே நிலை. ஏராளமான காணொளிகளை நீக்கியும் காலி இடம் 310 எம்பி என்றே காட்டுகிறது. கைப்பேசியே கெட்டுவிட்டதா?

மலர்விழி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதில்தான் இந்த உதவிக்குறிப்பின் சாரம் இருக்கிறது. காட்சி ஓடிக்கொண்டிருந்து, அழுத்திய பிறகு உறைகிறது என்றால், வில்லைக்கும் உணரிக்கும் பெரும்பாலும் குறையில்லை. கோப்பை எழுதும் இடத்தில்தான் தடை. திறந்தவுடனே திரை கறுத்து நின்றால் சிவபாலன் ஐயாவின் மறுதொடக்கத்தை முதலில் செய்திருக்கச் சொல்வேன். உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு: திரைப்பிடிப்பு எடுத்துப் பாருங்கள். இடமில்லாததால் சேமிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால் கேமராவின் மேல் பழியில்லை.

ஆண்டிராய்டின் இயல்பான கணக்குப்படி, சேமிப்புப் பகுதியில் 5 விழுக்காடு அல்லது 500 எம்பி, இவற்றில் எது குறைவோ அதற்குக் கீழே காலி இடம் இறங்கினால் அது ‘இடம் குறைவு’ நிலை. உங்கள் 310 எம்பி அதற்குள்ளேயே இருக்கிறது. முழுத் தெளிவுக் காணொளி நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 எம்பி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதும் எழுத இடமிராது. படம் ஒன்று நான்கைந்து எம்பிதான் என்றாலும், பல சட்டங்களை எடுத்து ஒன்றாக்கும் முறையில் இடைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாக இடம் கேட்கக்கூடும். எழுதும்போதே இடம் தீர்ந்தால் பாதிக் கோப்பு நிற்கும். அந்தச் சாம்பல் கட்டங்கள் அவையாக இருக்கலாம்.

இனி, நீக்கியும் இடம் ஏன் கூடவில்லை என்பது. ஆண்டிராய்டு 11 முதல், கேலரியில் நீக்கும் படமும் காணொளியும் பொதுவாக உடனே அழிவதில்லை. பெயரின் முன்னால் `.trashed-` என்ற ஒட்டோடு அதே சேமிப்பிடத்தில் 30 நாள் வரை இருக்கும். அதனால் கேலரியில் மறைந்தது சேமிப்பிடத்தில் மறையவில்லை. கேலரியின் குப்பைத்தொட்டியைத் திறந்து, வேண்டியது எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதைக் காலி செய்யுங்கள். அதற்கு முன்னும் பின்னும் அமைப்புகளில் காலி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியோடு இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும்:

```
adb shell df -h /data
```

ஜெயந்தி எழுதியது:

குப்பைத்தொட்டியில் நான் நீக்கிய காணொளிகள் அத்தனையும் இருந்தன. காலி செய்ததும் காலி இடம் 3 ஜிபிக்குச் சற்று மேல் காட்டுகிறது, கேமரா உறையவில்லை. சாம்பல் கட்டங்கள் மட்டும் திறக்கவில்லை. கேமராவின் பக்கத்தில் cache என்ற வரியில் இருந்தது வெறும் 38 எம்பிதான் என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

மலர்விழி எழுதியது:

அந்தக் கட்டங்கள் திறக்க வாய்ப்பில்லை, நீக்கிவிடுங்கள். 38 எம்பி என்ற அந்த வரியை நடராசன் ஐயா குறிப்பிலேயே சேர்க்க வேண்டும். இடைவைப்பைக் காலி செய்தது சிறிது நேரத்திற்கு உதவியது அதுபோன்ற சிறிய இடம் கிடைத்ததால் இருக்கலாம். அடுத்த சில படங்களிலேயே அது கரைந்திருக்கும்.

சிவபாலன் எழுதியது:

நினைவகம் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘இடைவைப்பு’ எனக்கு வங்கி வைப்பை நினைவூட்டுகிறது. கடைக்கு வருபவர் ஒருவர் காதிலும் அது ஏறாது. ‘கேஷ்’ என்றே எழுதினால் பணம் என்று படிப்பார்கள் என்பதும் தெரிந்ததே. ‘மீளுருவாகும் கோப்புகள்’ என்று விரித்துச் சொன்னால் பயமும் போகும், பொருளும் தெரியும்.

நடராசன் எழுதியது:

பொத்தானுக்கு அது நீளம், ஐயா. சிறிய திரையில் இரண்டு வரியாக மடியும். இப்போதைக்குப் பொத்தானின் பெயராக ‘இடைவைப்பைக் காலி செய்’ என்றும், அதன் கீழே விளக்கமாக ‘செயலி மறுபடி உருவாக்கிக்கொள்ளும் கோப்புகள் மட்டும் நீங்கும், படங்கள் நீங்கா’ என்றும் வரைவில் எழுதுகிறேன். குறிப்பின் வரிசையையும் மாற்றுகிறேன்: முதலில் காலி இடத்தைப் பார்ப்பது, அடுத்துக் குப்பைத்தொட்டி, பிறகு பெரிய காணொளிகள், அதன்பின்தான் இடைவைப்பு. கேலரியில் ‘நீக்கு’ என்று இருக்கும் இடத்தைக் ‘குப்பைக்கு நகர்த்து’ என மாற்றலாமா என்பதற்கும், உறைவதற்கும் தானாக மூடிக்கொள்வதற்கும் ‘உறைதல்’, ‘முறிதல்’ என்ற இணை போதுமா என்பதற்கும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன். ‘முறிதல்’ கருவியே உடைந்ததுபோல் ஒலிக்கிறது என்று எனக்கே ஐயம் இருக்கிறது.