பழம்பொருள் கடைப் படங்கள்: டேபிளுக்குள்ளேயா, ஃபோல்டரிலா?

முனீஸ்வரன்கோவில் தெரு
காரைக்குடியில எங்க மாமாவோட பழம்பொருள் கடைக்கு வெப்சைட் செஞ்சுக்கிட்டிருக்கேன். ஷேர்டு ஹோஸ்டிங், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். தேக்குத்தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம்னு சுமார் 2500 சாமான், ஒவ்வொண்ணுக்கும் நாலு போட்டோ. போட்டோவை டேபிளுக்குள்ளேயே வைக்கிறதா, ஃபோல்டர்ல போட்டுட்டு பாதையை மட்டும் டேபிள்ல எழுதுறதா? வித்த சாமானை எடுக்கிறதும் புதுசு ஏத்துறதும் மாமாவே செய்வார்.

கண்டனூர் டிபிஏ
டேபிளுக்குள்ள போடுங்க தம்பி, யோசிக்கவே வேணாம். சாமானோட வரியும் அதோட படமும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல ஏறும், ஒரே டிரான்சாக்‌ஷன்ல போகும். மாமா ஒரு தூணை நீக்கினா `ON DELETE CASCADE` நாலு படத்தையும் சேர்த்துத் தூக்கிடும். பேக்கப்பும் ஒரே ஃபைல். ஃபோல்டர்னா ரெண்டு கணக்குப் புத்தகம் வைச்ச மாதிரி, வருசக் கடைசியில ரெண்டும் ஒத்துப்போகாது. 2006-ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல ஜிம் கிரே கூட இருந்தவங்க அளந்தே பார்த்திருக்காங்க: 256 கேபிக்குக் கீழ இருக்கிற படத்துக்கு டேட்டாபேஸ்தான் மேல்.

தேவகோட்டை ரஸ்தா
அண்ணே, அந்த ஆய்வுல மீதியையும் சொல்லணும்ல. 1 எம்பிக்கு மேல போனா ஃபைல்தான் நல்லதுன்னும் அதே ஆய்வு சொல்லுது. நடுவுல இருக்கிறது எழுதுறதும் அழிக்கிறதும் எவ்வளவு நடக்குதுங்கிறதைப் பொறுத்தது. அவங்க அளந்தது எஸ்க்யூஎல் சர்வர் 2005-ஐயும் என்டிஎஃப்எஸ்ஸையும். நடுவுல பிஎச்பி நின்னு ஒவ்வொரு படத்தையும் கையில வாங்கிக் கொடுக்கிற செலவு அதுல கிடையாது.

தம்பி கணக்கைப் பார்ப்போம். ஃபோன்ல எடுத்த போட்டோ 3 எம்பின்னு வைச்சா 10,000 படத்துக்கு 30 ஜிபி. அதை அப்படியே ஏத்த வேணாம். நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைச்சா ஒண்ணு 300 கேபி சுமாருக்கு வரும், மொத்தம் 3 ஜிபி. பட்டியல் பக்கத்துக்கு 20 கேபியில ஒரு சின்னப் படம் தனியா. ஆக அந்த ஆய்வு சொல்ற ரெண்டு எல்லைக்கும் நடுவுலதான் நம்ம படம் நிக்குது. அளவை வைச்சு இதை முடிவு பண்ண முடியாது.

முடிவு பண்றது பட்டியல் பக்கம். ஒரு பக்கத்துல 40 சாமான் காட்டுறீங்கன்னா, ஃபைலா இருந்தா அப்பாச்சி தானே எடுத்துக் கொடுத்துடும். அதே ஆள் திரும்ப வந்து கேட்டா "மாறலை"ன்னு 304 மட்டும் அனுப்பும். டேபிள்ல இருந்தா `image.php?id=` 40 தடவை ஓடும், 40 தடவை டேட்டாபேஸ் கதவைத் தட்டும். ஷேர்டு ஹோஸ்டிங்ல `max_user_connections` குறைவா வைச்சிருப்பாங்க. ரெண்டு மூணு பேர் சேர்ந்து பார்த்தாலே பாதிப் படம் உடைஞ்சு நிக்கும். 304-ஐயும் நீங்களே எழுதணும். எழுதலைன்னா ஒவ்வொரு தடவையும் முழுப்படமும் போகும்.

இன்னொண்ணு, பலர் தலையைப் பிச்சுக்கிற இடம் இது. அந்த `image.php`-யில பழக்கதோஷத்துல `session_start()` போட்டுடுவாங்க. செஷன் ஃபைலுக்குப் பூட்டு விழும், அதனால ஒரே ஆள் கேட்கிற 40 படமும் வரிசையில நின்னு ஒண்ணொண்ணா வரும். பிரவுசர்ல நெட்வொர்க் டேபைத் திறந்தா படிக்கட்டு மாதிரி தெரியும், அதுதான் அடையாளம்.

புதுவயல் தறி
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் கண்டாங்கிச் சேலை விக்கிறேன், படம் எல்லாம் டேபிள்லதான் இருக்கு. சில சேலை மட்டும் மேல பாதி நல்லா தெரியுது, கீழ பாதி சாம்பல் பூசின மாதிரி. பார்டரே தெரியலைன்னு வாடிக்கையாளர் கேக்குறாங்க. செஞ்சு கொடுத்தவர் நெட் ஸ்லோங்குறார். இதுவும் அந்த செஷன் பூட்டுதானா?

தேவகோட்டை ரஸ்தா
இல்லைங்க, இது வேற. டேபிள்ல படம் இருக்கிற காலம், அதாவது நெடுவரிசை, `BLOB`-னு இருக்கும். அதுக்குள்ள 65,535 பைட்தான் கொள்ளும். அதுக்கு மேல வந்ததை வெட்டிட்டு, ஒரு எச்சரிக்கையோட சேமிச்சிருக்கு. மைஎஸ்க்யூஎல் 5.7-லேர்ந்து ஸ்ட்ரிக்ட் மோட் தானா வரும், வெட்டாம பிழைன்னு நிறுத்திடும். உங்க ஹோஸ்டிங்ல அதை அணைச்சு வைச்சிருக்கணும், இல்லை பழைய வெர்ஷனா இருக்கணும். இதை ஓட்டிப் பாருங்க, டேபிள் பேரையும் காலம் பேரையும் மட்டும் மாத்திக்கிட்டு:

```sql
SELECT id FROM photos WHERE LENGTH(img) = 65535;
```

வர்ற எண் எல்லாம் சாம்பல் சேலையா இருந்தா சந்தேகமே இல்லை. காலத்தை `MEDIUMBLOB`-னு மாத்தினா 16 எம்பி வரைக்கும் கொள்ளும். ஆனா வெட்டுப்பட்ட படம் திரும்ப வராது, அந்தச் சேலைகளை மறுபடி ஏத்தித்தான் ஆகணும்.

புதுவயல் தறி
பார்த்துட்டேன். பட்டியல்ல வந்த அத்தனையும் அதே சேலைங்கதான். படம் ஃபோன்ல இருக்கு, ஏத்திடுறேன். நன்றி அண்ணே.

கண்டனூர் டிபிஏ
காலத்தைத் தப்பா வைச்சதுக்கு டேட்டாபேஸ் என்ன பண்ணும்? சரி, படத்தைத் தனி டேபிள்ல வைச்சா `SELECT *` போட்டாலும் சாமான் பட்டியல் கனக்காது. சின்னப் படத்தை மட்டும் கேஷ் பண்ணிக்கலாம். ரஸ்தா, நான் கேட்டதுக்குப் பதில் வரலை. ஃபைல் ஏறிடுச்சு, வரி ஏறலை, கரண்ட் போச்சு. இல்லை வரி ஏறிடுச்சு, ஃபைல் ஏறலை. அப்ப என்ன செய்வீங்க?

தேவகோட்டை ரஸ்தா
ரெண்டும் ஒரே தப்பு இல்லைண்ணே. வரி இல்லாத ஃபைல் குப்பை, கொஞ்சம் இடம் பிடிக்கும், பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் இல்லாத வரிதான் பக்கத்துல உடைஞ்ச படமா நிக்கும். அதனால ஏத்தும்போது ஃபைல் முதல்ல, வரி அப்புறம். நீக்கும்போது வரி முதல்ல, ஃபைல் அப்புறம். நடுவுல எங்க அறுந்தாலும் குப்பைதான் மிஞ்சும், ஓட்டை விழாது.

```php
if (!move_uploaded_file($tmp, "$root/$rel")) exit('upload failed');
$insert->execute([$itemId, $rel]);
```

பேக்கப்பும் இதே கணக்கு. டேட்டாபேஸை முதல்ல டம்ப் எடுங்க, ஃபோல்டரைப் பின்னால நகல் எடுங்க. டம்ப்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் ஃபைல் ஏற்கெனவே ஏறியிருக்கும், அதனால நகல்லயும் இருக்கும். மாத்தி எடுத்தா நடுவுல மாமா ஏத்தின சாமானுக்கு வரி வரும், படம் வராது. இதைக் கெடுக்கிறது நீக்கம் ஒண்ணுதான். டம்ப் எடுத்ததுக்கும் நகல் எடுக்கிறதுக்கும் நடுவுல ஃபைலை அழிச்சா பொருந்தாது. அதுக்கு, வரியை நீக்கினதும் ஃபைலை உடனே அழிக்காம விட்டுட்டு, வாரம் ஒரு நாள், பேக்கப் ஓடாத நேரமா பார்த்து, வரி இல்லாத ஃபைலைக் கூட்டித் தள்ளுங்க. அப்பக்கூட ஒரு நாளுக்கு மேல பழசானதை மட்டும். இல்லைன்னா இப்பத்தான் ஏறி வரிக்காகக் காத்திருக்கிற ஃபைலும் குப்பையோட போயிடும்.

அளவையும் பாருங்க. `rsync` ராத்திரிக்கு புதுப் படத்தை மட்டும் எடுத்துக்கும். டேபிளுக்குள்ள வைச்சா தினமும் 3 ஜிபி முழுசா டம்ப் ஆகும். `--hex-blob` போட்டா ஒரு பைட்டை ரெண்டு எழுத்தா எழுதும், 6 ஜிபி.

கானாடுகாத்தான் விடுதி
எங்க ஐயா வீட்டைத் தங்கும் விடுதியா ஆக்கியிருக்கோம். வெளிநாட்டு விருந்தாளிக வர்றாக, 24 மணி நேரத்துக்குள்ள அவுக விவரத்தை அரசாங்கத்துக்கு அனுப்பணும், அதுக்கு பாஸ்போர்ட் நகலை சைட்ல வாங்குறோம். ஃபோல்டர்தான் வேகம்னு இங்க சொல்றதால நாங்களும் ஃபோல்டரே வைச்சுக்கலாம்ல? இப்ப `uploads/passport1.jpg`, `passport2.jpg`னு இருக்கு.

கண்டனூர் டிபிஏ
ஐயோ, அந்த முகவரியில எண்ணை மாத்தினா அடுத்தவர் பாஸ்போர்ட் திறக்குமே! இதுக்குத்தான் சொல்றேன், டேபிளுக்குள்ள இருக்கிற படத்துக்கு நேரா திறக்கிற முகவரி கிடையாது.

தேவகோட்டை ரஸ்தா
இதுல நானும் அண்ணன் பக்கம். வேகம்னு நான் சொன்னது எல்லாரும் பார்க்கிற கடைப் படத்துக்கு. உங்களுது எண்ணிக்கையில குறைவு, யாரும் பார்க்கக்கூடாதது, வேலை முடிஞ்சா அழிக்க வேண்டியது. டேபிள்ல வைச்சாலும் சரி. ஃபைலா வேணும்னா `public_html`-க்கு வெளிய ஒரு ஃபோல்டர்ல போட்டு, லாகின் பார்த்த பிறகு பிஎச்பி எடுத்துக் கொடுக்கட்டும். எது செஞ்சாலும் இன்னிக்கே அந்த ஃபோல்டரை இடம் மாத்துங்க. அழிச்ச பாஸ்போர்ட் பழைய பேக்கப்ல உட்கார்ந்திருக்கும், அதையும் எத்தனை நாள் வைக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க.

முனீஸ்வரன்கோவில் தெரு
நான் ஃபோல்டர் பக்கம் சாயுறேன். பாதையை எப்படி எழுதுறது? வீட்டுல விண்டோஸ்ல எக்ஸ்ஏஎம்பிபி வைச்சு சோதிக்கிறேன், `C:\xampp\htdocs\uploads\`னு முழுசா ஏறுது.

தேவகோட்டை ரஸ்தா
முழுப்பாதை வேணாம், சர்வருக்கு ஏத்தின அன்னிக்கே எல்லாம் உடையும். `a3/a3f09c.jpg` மாதிரி மிச்சப்பாதையை மட்டும் எழுதுங்க, முன்பகுதி கான்ஃபிக்ல இருக்கட்டும். பேரை நீங்களே உருவாக்குங்க, `random_bytes` இருக்கு. இங்க சுருக்கிக் காட்டியிருக்கேன், நிஜத்துல இன்னும் நீளமா இருக்கட்டும். மாமா வாட்ஸ்அப்ல வந்ததை அதே பேரோட ஏத்தினா என்னிக்காவது ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். எக்ஸ்டென்ஷனையும் அவங்க கொடுத்ததை நம்பாதீங்க. படமான்னு பார்த்து நீங்களே `.jpg` போடுங்க, இல்லைன்னா ஒருத்தன் `.php` ஏத்தி ஓட்டிடுவான். எல்லாம் சின்ன எழுத்து. விண்டோஸுக்கு `IMG.JPG`-யும் `img.jpg`-யும் ஒண்ணு, லினக்ஸுக்கு ரெண்டு.

கண்டனூர் டிபிஏ
எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தத் தம்பி ரெண்டு வருசத்துல சென்னைக்கு வேலைக்குப் போயிடுவான். அடுத்து வர்றவன் ஹோஸ்டிங் மாத்தும்போது டம்பை மட்டும் எடுத்துட்டுப் போவான், 3 ஜிபி ஃபோல்டரை "ஏதோ அப்லோட்ஸ்"னு விட்டுடுவான். டேபிளுக்குள்ள இருந்தா அவன் மறந்தாலும் படம் கூடவே வரும். இதுக்கு உங்ககிட்ட என்ன வழி?

தேவகோட்டை ரஸ்தா
அதுக்கு வழி இல்லைண்ணே, ஒத்துக்குறேன். எழுதி வைக்கலாம், படிக்கணுமே. ஆனா 6 ஜிபி டம்பை ஷேர்டு ஹோஸ்டிங்ல பிஎச்பிமைஅட்மின் வழியா ஏத்தப் பார்த்தாலும் அதே ஆள்தான் நடுவுல நிப்பான்.

கண்டனூர் டிபிஏ
கமாண்ட் லைன்ல ஏத்தணும்.

தேவகோட்டை ரஸ்தா
ஃபோல்டரை மறக்கிற ஆளா?

முனீஸ்வரன்கோவில் தெரு
ரெண்டு பேரும் இருங்க. ஃபோல்டர், மிச்சப்பாதை, ஃபைல் முதல்ல வரி அப்புறம்னு எழுத ஆரம்பிச்சுட்டேன். ராத்திரி டம்ப்பையும் ஃபோல்டர் நகலையும் கடைக் கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துல சேர்த்து வைக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் போடுறேன். மாதம் ஒரு தடவை அதை வீட்டு மெஷின்ல விரிச்சு, ஒவ்வொரு வரிக்கும் ஃபைல் இருக்கான்னு பார்க்கிற மாதிரியும் ஒண்ணு எழுதணும். சந்தேகம் ஒண்ணு பாக்கி: வித்த சாமானோட படத்தை நீக்கவே வேணாம், விலை பேச உதவும்னு மாமா சொல்றார். அப்ப வாரா வாரம் குப்பை கூட்டுறதே தேவையில்லையா?

தேவகோட்டை ரஸ்தா
வரியை நீக்காம "விற்றது"ன்னு ஒரு காலம் வைங்க. குப்பை கூட்டுறது அப்பவும் வேணும், பாதியில அறுந்த அப்லோட் மிஞ்சுமே. ஆனா வேலை ரொம்பக் குறையும். ஹோஸ்டிங்ல ஃபைல் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க. சின்னப் படத்தோட சேர்த்து உங்களுக்கு இப்பவே 20,000.