புதுப்பிப்பு: கேமராவின் ரா கோப்புகள் பற்றிய மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன்

முன்பு நான் இங்கே கேட்டது: "ரா கோப்புகளை கிளையண்டுக்கு எப்படிக் கொடுப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது?"

கிளவுட் லிங்க் போதும் என்றார் ஒருவர். நூறு படத்துக்குச் சரி; 400 ஜிபிக்கு ஹார்டு டிஸ்க்தான். நகல் மூலத்தோடு அப்படியே ஒத்திருக்கிறதா என்று பார்க்க செக்சம் எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஒரு கோப்பு மட்டும் பொருந்தவில்லை: அளவு அதேதான், திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல். மறுபடி நகலெடுத்ததும் சரியானது.

மின்னஞ்சலில் எழுதியது:

"செக்சம் பட்டியலும் டிஸ்க்கில் இருக்கிறது. நீங்கள் இன்னொரு நகல் எடுத்துச் சரிபார்த்துச் சொல்லும்வரை என் இரண்டு நகல்களையும் வைத்திருப்பேன். அப்புறம் ஓராண்டுக்கு ஒன்று மட்டும். அழிப்பதற்கு 30 நாள் முன்பு தெரிவிப்பேன்."

கிளையண்டின் பதில்: "இவை போனில் ஏன் திறக்கவில்லை?" ஜேபெக் தனியாக அனுப்பினேன். கலர் திருத்தங்கள் உள்ள .xmp கோப்புகளையும் கேட்கிறார், இன்னும் முடிவெடுக்கவில்லை.