புதுப்பிப்பு: தீ ஒத்திகையில் தலைக்கணக்கு இழுத்த கதை

முன்பு கேட்டது: "4 நிமிஷத்துல எல்லாரும் வெளிய வந்தாச்சு, கணக்கு முடிய இன்னும் 11 நிமிஷம். பதிவுல எதை எழுத?"

இரண்டையும் எழுதினோம். சைரன் 11.02, கடைசி ஆள் வெளியே 11.06, கணக்கு சரியானது 11.17.

"சைரன் சத்தம் போதல" என்றார் சூப்பர்வைசர். பாதி சரி, கம்ப்ரசர் அறையில் மட்டும் கேட்கவில்லை. அங்கே சுழல்விளக்கு பொருத்துவது எலக்ட்ரீஷியன், 15ஆம் தேதிக்குள்.

கணக்கு இழுத்ததற்குக் காரணம் வேறு. காண்ட்ராக்ட் ஆட்கள் மூவரின் பெயர் கேட் நோட்டில் மட்டுமே இருந்தது. நோட்டோ கேட் மேசையிலேயே கிடந்தது. இனி சைரன் அடித்ததும் அதைக் கூடுமிடத்துக்குக் கொண்டுவருவது ஷிப்ட் செக்யூரிட்டி.

"லிஃப்டை நிறுத்தினீங்களா?" என்று கேட்டவருக்கு: இங்கே லிஃப்டே கிடையாது.

பின்படிக் கதவை மறித்த அட்டைப்பெட்டிகள் யாருடையவை என்பதில் பேக்கிங்கும் ஸ்டோரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பதிவில் அதற்கான வரி மட்டும் பொறுப்பாளர் பெயரில்லாமல் திறந்தே இருக்கிறது.